பதினாலாம் லாட்டின் பச்சை

ரேணுகாவின் ஏலக்காய் பாக்கெட்டைப் பிரித்தால் முதலில் கையில் வருவது ஒரு சிறிய அட்டை. 'இதை வைத்து என்ன செய்தீர்கள்? படம் எடுத்து அனுப்புங்கள். பிடிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். பாக்கெட்டில் உள்ள லாட் எண் தெரியட்டும்.' பாராட்டினாலும் திட்டினாலும், படம் அனுப்பியவருக்கு அடுத்த ஆர்டரில் கூரியர் இலவசம்.

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், வேலையை விட்டு இதைத் தொடங்கி மூன்று வருடமாகிறது. விளம்பரத்துக்குச் செலவழிக்க அவளிடம் வழியில்லை. எங்கோ இருக்கிற ஒருவர் நம்பி வாங்க வேண்டுமென்றால், இன்னொரு வீட்டு அடுப்படியில் எடுத்த படம்தான் அவரிடம் பேச வேண்டும். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அனுப்பியவரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரோடு இன்ஸ்டாகிராமில் போடுவாள்.

எல்லாப் படத்தையும் போட்டதில்லை. 'மணம் அருமை, நிறம்தான் கொஞ்சம் வெளுப்பு' என்று வந்தவற்றை ஒதுக்கி வைத்தாள். பொய் சொல்லவில்லையே, பளிச்சென்று இருப்பதைத்தானே முன்னால் வைக்கிறோம் என்று தோன்றியது.

ஆவணி மழை விடாமல் பெய்த சமயத்தில் பதினாலாம் லாட் சரக்கு வந்தது. குரங்கணியில் காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் அழகுராஜாதான் எப்போதும் சரக்கு கொடுப்பான்.

"என்ன ரேணு, காயி கிளி நெறத்துல இருக்கு?" என்றாள், தரம் பிரிக்க வரும் சந்திரவல்லி. "மழையில நனைஞ்ச காயிக்கு இம்புட்டு அழகா? நமக்கு மட்டும் நனைஞ்சா சளிதான் பிடிக்குது."

ரேணுகாவும் சிரித்தாள். எண்பத்தாறு பேருக்குப் பாக்கெட் போயிற்று.

படங்கள் வரத் தொடங்கின. இதுவரை இவ்வளவு வேகமாக வந்ததில்லை. வெள்ளைத் தட்டில் காய்கள், உள்ளங்கையில் காய்கள். 'இப்படி ஒரு பச்சையை நாங்கள் பார்த்ததே இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் மகிழ்ச்சியோடு பகிர்ந்தாள். நான்காம் நாள் காலையில் ஒரு தாய் தன் இன்ஸ்டாகிராம் படத்தில் அவளை டேக் செய்திருந்தாள். மேசைமேல் கண்ணாடி டம்ளரில் பால், பக்கத்தில் பதினாலு என்று எண் தெரியும் பாக்கெட். 'நாலு காய் தட்டிப் போட்டேன். பிஸ்தா பால் மாதிரி ஆகிவிட்டது. மகள் தினமும் இதையே கேட்கிறாள்.' ஐந்து நட்சத்திரம்.

பகிரப் போன விரல் நின்றது. ஏலக்காய் போட்ட பால் அப்படிப் பச்சையாகாது.

மீதமிருந்த காயில் பத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். சந்திரவல்லி எட்டிப் பார்த்தாள். கிண்ணத்தின் அடியிலிருந்து பச்சை மெல்ல மேலே ஏறி வந்தது.

அழகுராஜா அன்று அடுத்த லோடோடு வந்திருந்தான். கிண்ணத்தைப் பார்த்ததும் மூட்டையை இறக்காமல் நின்றான்.

"என்னண்ணே இது?"

"மழையில காயி வெளுத்துப் போச்சு ஆத்தா. கழுவுற தண்ணியில கொஞ்சம் பொடி கலந்தேன். அம்புட்டுத்தேன்."

"என்ன பொடி?"

"பேரெல்லாம் இல்ல. சும்மா கவருல கட்டிக் குடுத்தாய்ங்க."

"திங்கிற பொருள்ல போடுறதா, துணிக்குப் போடுறதா?"

அவனுக்குத் தெரியவில்லை.

"நீ போடுற போட்டாவத்தேன் நானும் பாக்குறேன். ஒரு வெளுத்த காயாச்சும் போட்டிருக்கியா? பச்சையாத்தேன் வேணும்னு நெனச்சுப்புட்டேன். உனக்குன்னுதான செஞ்சேன்?"

ரேணுகா போனை எடுத்துத் தன் பக்கத்தைத் தள்ளிப் பார்த்தாள். சந்திரவல்லிதான், "போங்கண்ணே, மூட்டைய இறக்காம எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

ரேணுகா கிண்ணத்தைப் படம் எடுத்தாள். 'பதினாலாம் லாட்டில் சாயம் கலந்திருக்கிறது. தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். குடித்தவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தவறு எங்களுடையது' என்று எழுதிப் பக்கத்தின் உச்சியில் வைத்தாள். நான்கு நாளாகப் பகிர்ந்த பாராட்டுப் படங்களை அவள் அழிக்கவில்லை. ஒவ்வொன்றின் கீழும் அதே எச்சரிக்கையை எழுதினாள். எண்பத்தாறு எண்களுக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக அனுப்பினாள். பதில்கள் வந்தன. வசவு, கேள்வி, ஒரு 'நன்றி', மறுபடி வசவு.

டம்ளர் படம் போட்ட தாயின் ஆர்டர் அவள் கணவரின் எண்ணில் பதிவாகியிருந்தது. அந்த எண்ணுக்குப் போன செய்தி போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது. கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தாயின் இன்ஸ்டாகிராமுக்கு எழுதினாள். பார்த்த அடையாளமே இல்லை.

"மறுபடி கூப்புடு ரேணு, வெரசா," என்றாள் சந்திரவல்லி.

மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொரு டேக் வந்தது. அதே மேசை. இந்த முறை இரண்டு டம்ளர்கள். 'இன்று மகளின் தோழிக்கும் சேர்த்து! ரெண்டாவது படத்துக்கும் கூரியர் இலவசம்தானே?'

ரேணுகா அதன் கீழேயே, எல்லோரும் பார்க்கும்படி, 'குடிக்க விடாதீர்கள்' என்று தட்டினாள். இடப்பக்க டம்ளர் ஏற்கெனவே பாதி காலியாக இருந்தது.