அந்த ஒரு வரி

மறைந்த என் கணவரைப் பற்றி வலைப்பூவில் முதல் பதிவு எழுதினேன். வெளியிடுமுன் மகள் திருத்தினாள்.

"முற்றுப்புள்ளியே இல்லாம எழுதிகினு போயிருக்கியேம்மா, மூச்சு முட்டுது" என்று சிரித்தாள். பிழைகளை நீக்கி, முன்பின்னாக இருந்த பத்திகளை வரிசைப்படுத்தினாள். துணைத்தலைப்பு வைத்து, படம் சேர்த்து, போனில் எப்படித் தெரிகிறது என்றும் பார்த்தாள். பிறகு ஒரு வரியில் நின்றாள்.

"'தூக்கத்திலேயே இறைவனடி சேர்ந்தார்'னு போட்டிருக்க. நீ பாத்தியா?"

"உன் சித்தப்பா சொன்னாரு." வேலூர் ஆஸ்பத்திரியில் அன்றிரவு கூட இருந்தவர் என் கொழுந்தனார்தான்.

"அப்ப அவரையே கேட்டுடு. தெரியாதத போடக் கூடாது."

கொழுந்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணி. உங்க மனசு தாங்காதுன்னு அப்படிச் சொன்னேன். அண்ணன் விடியுற வரைக்கும் முழிச்சிகினு உங்களத்தான் கேட்டுகினு இருந்தாரு."

தூக்கத்தில் அழைத்துக்கொண்டாயே என்று முருகனுக்கு நன்றி சொல்லித்தான் தினமும் விளக்கேற்றி வந்தேன்.

'விடியும்வரை விழித்திருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்' என்று வரியை மாற்றினேன். "கடைசியா ஒருவாட்டி வாய்விட்டுப் படிம்மா, தடுக்குதான்னு பாக்கலாம்" என்றாள் மகள். போனைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தேன். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். மகள் என் கையிலிருந்து போனை வாங்கி வைத்துவிட்டாள்.