உட்பிரிவு இ

அஞ்சல் கோட்ட அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் விடுப்புப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். திருநெல்வேலி ஜில்லாவில் எந்தத் தபால்காரருக்கு மூல வியாதி, எந்தப் போஸ்ட் மாஸ்டருக்கு மாமியார் தொல்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. லீவு விண்ணப்பத்தில் மனுஷன் பொய் எழுதினாலும் அதிலும் கொஞ்சம் உண்மை தெரிந்துவிடும்.

ஸ்பெஷல் சி.எல். என்கிற சிறப்பு தற்செயல் விடுப்பு வந்தால் மட்டும் நான் பேனாவை இறுக்கிப் பிடிப்பேன். சொந்தக் கணக்கில் கழியாத லீவு என்பதால் ஆளாளுக்கு அதன்மேல் ஒரு கண். ரத்த தானம் செய்தால் அந்த ஒரு நாள். மறுநாள் தலைசுற்றியது என்று இன்னொரு நாள் கேட்பார்கள், தரமாட்டேன். தேசிய அளவில், சர்வதேச அளவில் விளையாடத் தேர்வானால் வருஷத்துக்கு முப்பது நாள் வரை உண்டு. கோயில் கொடைக்குக் கபடி ஆடப்போகிறவனெல்லாம் அதைக் கேட்டு வருவான். "எந்த விதி, எந்தப் பத்தி, அதை எழுதிக் கொண்டாரும் வே" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். குற்றாலலிங்கம் கையெழுத்தைத் தாண்டி ஒரு நாள்கூட லீவு போகாது என்று பேர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

தொண்ணூற்றைந்தில் கல்லிடைக்குறிச்சி பக்கமிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. தபால்காரர் சங்கிலிபூதத்தான். முந்தின வருஷம்தான் தூத்துக்குடி கோட்டத்திலிருந்து சொந்த விருப்பத்தில் மாறுதல் வாங்கி வந்தவர். 'குடும்பநல ஆபரேஷனுக்காக 21 நாள் சிறப்பு தற்செயல் விடுப்பு' என்று ஒரே வரி. விதியும் இல்லை, பத்தியும் இல்லை.

பணிப் பதிவேட்டைப் புரட்டினேன். எண்பத்தாறிலேயே கருத்தடை செய்துகொண்டு அதற்கான ஊக்க ஊதியம் வாங்கியிருந்தார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சிவப்பு மையில் எழுதினேன்: 'ஏற்கெனவே செய்துகொண்டவருக்கு மறுபடி எதற்கு? முதல் அறுவை பலனளிக்கவில்லை என்றால் மருத்துவச் சான்று இணைக்கவும். அப்போதும் ஆறு வேலை நாள் மட்டுமே.' பக்கத்து நாற்காலி நூகுவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் எழுதியதில் விதிப்படி ஒரு பிழையும் கிடையாது.

காகிதம் அவர் வேலைபார்த்த துணை அஞ்சலகம் வழியாகத்தான் போக வேண்டும். போயிற்று.

மூன்றாம் நாள் அவரே வந்து என் மேசை முன்னால் நின்றார். நாற்பதை எட்டாத ஆள்; காக்கிச் சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. சிவப்பு மை போட்ட காகிதத்தை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அங்கன வாறீயளா?" என்று வராந்தாவைக் காட்டினார்.

"இங்கனயே சொல்லும் வே."

நூகு எழுந்து டீ குடிக்கப் போகிற வரைக்கும் அவர் அப்படியே நின்றார்.

"ஆபீஸ்ல இதைச் சத்தமா வாசிச்சிட்டாவ அண்ணாச்சி. ஆபரேஷன் தோத்துப் போச்சுன்னா, அப்ப உம்ம பொண்டாட்டி முழுகாம இருக்காளான்னு கேக்காவ. ஸ்வீட்டு எங்கன்னு கேக்காவ." காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "எனக்கு ரெண்டு பயலுவ. புன்னக்காயல் பக்கம் வேலையா இருந்தேம்லா, அங்க ஆத்து முகத்துல குளிக்கப் போனானுவ. மூத்தவன் ஒம்பது, இளையவன் ஏழு. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல எடுத்துட்டு வந்தாவ. அதான் மாறுதல் கேட்டு வந்தேன். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா பாவம்னு பாப்பாவ, அதைத் தாங்க முடியாது. இப்ப செய்யப்போறது கட்டுப்பாடு இல்ல அண்ணாச்சி. வெட்டுனதை மறுபடி சேக்குத ஆபரேஷன். மதுரைப் பெரியாஸ்பத்திரில செய்யுதாவ."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அவரை உட்காரச் சொன்னேன். பதினெட்டு வருஷத்தில் விண்ணப்பக்காரர் ஒருவரை நான் உட்காரச் சொன்னது அன்றுதான்.

"சம்பள லீவு இல்லையா?"

"பயலுவ போனப்ப எல்லாம் தீந்துட்டு. சம்பளமில்லாம இருபது நாள் படுத்தா வீட்ல அடுப்பு எரியாது."

விதிக் கையேட்டை எடுத்தேன். நான் சிவப்பு மை போட்ட பத்திக்கு ரெண்டு பத்தி தள்ளியே அது இருந்தது. எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். மறு இணைப்பு அறுவைக்கு இருபத்தொரு நாள், அல்லது ஆஸ்பத்திரியில் இருந்த நாள், இதில் எது குறைவோ அது. போய்வரும் பயண நாள் தனி. மூன்று வகையினருக்கு உண்டு: திருமணமாகாதவர், இரண்டு குழந்தைக்குக் குறைவாக உள்ளவர், மூன்றாவது, அதாவது உட்பிரிவு இ, தக்க காரணம் உள்ளவர், உதாரணமாக, ஆண்பிள்ளைகள் அனைவரையும் அல்லது பெண்பிள்ளைகள் அனைவரையும் இழந்தவர். அந்த உதாரணத்தை நான் வாய்விட்டு வாசிக்கவில்லை. புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி விரலை வைத்தேன். அவர் அதை வாசித்தார். என்னைப்போல் ஒருத்தன் முன்னாடியும் இருந்திருக்கானா அண்ணாச்சி என்று கேட்டார். இருந்திருப்பான் என்றேன்.

புது விண்ணப்பத்தை என் முன்னாலேயே எழுத வைத்தேன். மூடிய உறையில் நேரே கண்காணிப்பாளருக்கு. காரணத்தை அவர் மட்டும் பார்த்தால் போதும். ஒப்புதல் ஆணையை நானே தட்டச்சு செய்தேன். அதன் நகல் துணை அஞ்சலகத்துக்குப் போகும். அங்கே மறுபடியும் சத்தமாக வாசிப்பார்கள். ஆகவே ஆபரேஷன் என்ற சொல்லே அதில் இல்லை. குறிப்பாணையின் எண், தேதி, பத்தி, உட்பிரிவு இ. திரும்பி வந்ததும் உரிய சான்று தாக்கல் செய்ய வேண்டும். அவ்வளவே. நம்பரைப் பார்த்துப் புத்தகத்தைத் தேடி எடுக்கிற ஆள் நம் இலாகாவில் என்னைத் தவிர யாரும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போனேன். வார்டில் எல்லாக் கட்டிலோரமும் கூட்டம். அவர் கட்டிலோரம் ஒரு தண்ணீர்ச் செம்பு மட்டும் இருந்தது. மனைவி சந்தனமாரியைக் கூட்டிவரவில்லை. "ஆகும்னு நெனைச்சிட்டு, ஆகலைன்னா அவ என்ன செய்வா?" என்றார். நான் வாங்கிப்போன நாலு ஆரஞ்சையும் உரித்து நாங்கள் ரெண்டு பேரும் தின்றோம். எனக்கு வீட்டில் ஆள் கிடையாது. என் மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அன்று மாலை வரை அங்கேயே இருந்தேன்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார். மருத்துவர் சான்று சரியாக இருந்தது. பதினொரு நாளும் பயணம் ரெண்டு நாளும் கழித்து மீதியை ரத்து செய்தேன். விதி விதிதான்.

தொண்ணூற்றேழு அக்டோபரில் புது ஆணை வந்தது. மனைவியின் பிரசவத்துக்குக் கணவனுக்கும் பதினைந்து நாள் விடுப்பு. உயிருடன் உள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். எல்லா அலுவலகத்துக்கும் சுற்றுக்கு விட்டேன். வாசித்ததற்கு அடையாளமாக ஊழியர்கள் கையெழுத்திட்டதும் திரும்பி வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தாளில் மற்றவர்கள் சுருக்கொப்பம் போட்டிருந்தார்கள். சங்கிலிபூதத்தான் மட்டும் முழுப்பெயரையும் எழுதி, தேதியும் போட்டிருந்தார்.

அன்றே தட்டச்சு எந்திரத்தில் ஒரு தாளை மாட்டினேன். அவர் பெயர், பதவி, ஆணை எண், பதினைந்து நாள், எல்லாம் தட்டச்சு செய்தேன். எந்தத் தேதி முதல் என்கிற இடத்தை மட்டும் காலியாக விட்டு இழுப்பறையில் வைத்தேன். விண்ணப்பம் வந்தால் ஒரு நாள்கூட அவரைக் காக்கவைக்கக் கூடாது என்றுதான். தினமும் தபால் பை பிரிக்கும்போது முதலில் அவர் கையெழுத்தைத் தேடுவேன்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், பேசினார்கள். எல்லோரும் போனபிறகு இழுப்பறையைக் காலி செய்தேன். இன்னும் தேதி ஏறாத அந்தத் தாளைப் புதிதாக வருகிறவரிடம் விட்டுப்போக மனசு வரவில்லை. இது யார், எதற்கு என்று அவர் சத்தமாகக் கேட்பார். கிழிக்கவும் முடியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டை பஸ் ஏறினேன். சந்தனமாரிக்கு அந்த வருஷம் நாற்பது வயது.