மாப்பிள்ளை போனும் என் பெட்டியும்

சரிகையில் கலப்படம் இருந்தால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்து, காஞ்சிபுரத்தில் சொந்தப் புடவைக் கடை வைத்தவன் நான். என்னை ஏமாற்ற இனிமேல் ஒருவன் பிறக்க வேண்டும்.

மாப்பிள்ளையின் தலைதீபாவளிக்கு இன்டர்நெட்டில் போன் வாங்கினேன். எங்கள் தெருவிலேயே நான்தான் முதல் ஆள். எனக்கும் ஒன்று, அதே மாடல், அதே கறுப்பு. பார்சல் வந்ததும் இரண்டையும் வெளியே எடுத்து, தாம்பாளத்தில் பூவோடு வைத்துக் கற்பூரம் காட்டினோம். மாப்பிள்ளையுடையதை நானே அழகாகப் பெட்டியில் வைத்து மூடினேன்.

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து வந்த மாப்பிள்ளை போனை எடுத்தார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். பேட்டரியைப் போட்டு, ஸ்டார், ஹாஷ், சைபர், ஆறு, ஹாஷ் என்று அழுத்தினார். முகம் மாறிவிட்டது.

"மாமா, பெட்டி மேல இருக்கிற ஐஎம்இஐ நம்பர் வேற, போன்ல வர்றது வேற."

"அது இன்னாபா நம்பரு?"

"ஒரு போனுக்கு இருக்கிற நம்பர் இன்னொண்ணுக்கு இருக்காது. பெட்டியும் போனும் ஒத்துப்போவலன்னா, வித்தவன் வேற போனை வெச்சிருப்பான். திருட்டுப் போனாகூட இருக்கும்."

என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைதீபாவளிக்குத் திருட்டுப் போன் கொடுத்தார் என்று சம்பந்தி வீட்டில் பேசினால், என் பெயர் என்ன ஆவது?

பில்லில் இருந்த, விற்றவன் நம்பருக்குப் போன் போட்டேன். வாசலில் சரவெடி. அதற்கு மேல் நான் கத்தினேன்.

"யோவ், போனை மாத்தியா அனுப்பற? உன் பணம் இன்னும் வெப்சைட்காரன் கையிலதான் இருக்குது. சரக்கு சரின்னு நான் சொன்னாத்தான் உனக்கு வரும். சொல்லமாட்டேன்!"

"சார், சார், பேட்டரியக் கழட்டுங்க. அடியில ஸ்டிக்கர் இருக்கும். ஸ்கிரீன்ல வந்த நம்பர்தான் அதுலயும் இருக்குதா?"

மாப்பிள்ளை பார்த்தார். அதே நம்பர்.

"இப்ப பில்லைப் பாருங்க சார். நான் அனுப்புன ரெண்டு நம்பரும் அதுல இருக்குது."

இருந்தது. இரண்டாவது நம்பர் அதுதான்.

"அப்ப சார், உங்க இன்னொரு பெட்டியக் கொஞ்சம் பாருங்க."

என் மனைவி அலமாரியிலிருந்து என் பெட்டியைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் போன் நம்பர் அதன் மேல் ஒட்டியிருந்தது.

"இன்னாங்க, புடவைன்னு நெனச்சிக்கினு மடிச்சி வெச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள்.

கடையில் பத்துப் புடவை பிரித்துக் காட்டுவோம். மடித்ததும் கைக்கு வந்த பெட்டியில் போடுவோம். பட்டுதான் சரக்கு, பெட்டி வெறும் அட்டை. போன்காரர்கள் அட்டைக்கும் நம்பர் போடுவார்கள் என்று யார் கண்டது?

"போனை மாத்திக்கலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

என் போனில் நெசவாளர்கள் நம்பரையெல்லாம் ஒவ்வொன்றாக நானே ஏற்றி வைத்திருந்தேன். விடுவேனா?

"போன் எதுக்குபா? பெட்டிய மாத்து!"

மாற்றினோம். லைனிலேயே இருந்தவன் மெதுவாகக் கேட்டான்: "சார், பணம்..."

"சரின்னு சொல்லிடறேன்பா. அடுத்த தபா ரெண்டு கேட்டா, ஒண்ணு செவப்பா அனுப்பு."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை தன் அப்பாவிடம் போனில் சொன்னது என் காதிலேயே விழுந்தது: "மாமா நம்பரெல்லாம் சரிபார்த்துத்தாம்பா குடுத்தாரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.