தொடாமல் விட்ட வரி

“புதன், மாலை 4.40. கம்பி பில் வந்தது. எடை 2,880. கமாவுக்கு அடுத்த 8 சரியில்லை. கணக்கில் ஏற்றவில்லை.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. புரட்டாசி மாதம். அதற்கு முந்தைய நாள் மழை பெய்ததாக மேல் வரியில் எழுதியிருக்கிறேன்.

அப்போது நான் வீடு கட்டித் தரும் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கே.கே. நகரில், ஒரு கிளினிக்கின் மாடியில் இரண்டு அறைகள்தான் அலுவலகம். முதலாளி பொறியியல் படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வேலை நடக்கும் இடங்களைப் பார்த்துக்கொள்ள அவருடைய ஊர்க்காரர், உறவுமுறையில் மாப்பிள்ளை, ஒரு சூப்பர்வைசர் இருந்தார். சிமெண்ட், கம்பி, மணல் எது வந்தாலும் பில்லை அவர்தான் என் மேஜைக்குக் கொண்டுவருவார். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வருவதை வழியில் எங்காவது பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது வழக்கம்.

அந்தக் கம்பி பில் கோச்சடையில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கானது. கோரிப்பாளையத்தில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருந்த ஒரு பாயின் வீடு. கீழே தானும் மனைவியும், மேலே மகனும் மருமகளும் என்று திட்டம். எங்களோடு அவர் செய்திருந்த ஒப்பந்தம் எளிமையானது: ஆகிற செலவை பில் பார்த்துக் கொடுத்துவிடுவார், அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து எங்களுக்கு. அதனால் நான் ஏற்றும் ஒவ்வொரு பில்லும் அவர் பணம்.

பில்லைக் கையில் எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது எண்ணின் வடிவம்தான். 2,880 என்பதில் முதல் எட்டின் மேல் வளையமும் கீழ் வளையமும் ஒரே அளவில் இருந்தன. இரண்டாவது எட்டில் மேல் வளையம் சிறியது. பக்கம் முழுக்க மற்ற எட்டுகளும் அப்படித்தான் இருந்தன. அடியில் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முதல் எட்டு ஒரு மயிரிழை மேலே தூக்கி நின்றது. சரக்கின் மதிப்பு 178560.00 என்று கமா இல்லாமல் இருந்தது. மற்ற எல்லாத் தொகைகளிலும் கமா இருந்தது. எழுத்தால் எழுதிய மொத்தத் தொகையும் அடுத்த வரியைவிடக் கொஞ்சம் தடிப்பான எழுத்தில் இருந்தது.

கண் ஏமாற்றலாம், பிரிண்டரில் மை தீர்ந்திருக்கலாம் என்று கால்குலேட்டரை எடுத்தேன். கிலோ 62 ரூபாய். 2,880 கிலோவுக்கு 1,78,560. சரி. மத்திய வரி 13,280.40, மாநில வரி 13,280.40. இரண்டையும் அதோடு கூட்டி முழு ரூபாய்க்குத் திருத்தினால் 2,05,121. அதுவும் பில்லில் இருந்தபடியே வந்தது. அவசரத்தில் பார்க்கிறவர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். நானும் பல பில்களில் நிறுத்தியிருக்கிறேன்.

வரி ஒவ்வொன்றும் ஒன்பது சதவீதம். 1,78,560-க்கு ஒன்பது சதவீதம் 16,070.40 வர வேண்டும். பில்லில் இருந்தது 13,280.40. பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். 13,280.40 எந்தத் தொகைக்கு ஒன்பது சதவீதம்? 1,47,560. அதை 62-ஆல் வகுத்தால் 2,380. மீதியில்லாமல் வகுபட்டது. மூன்றை எட்டாக்கியவர் எடையையும் மதிப்பையும் மொத்தத்தையும் மாற்றிவிட்டு வரியை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்.

கடைக்குப் போன் செய்து பில் எண்ணைச் சொன்னேன். பில் போடும் பெண் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க காப்பில ரெண்டாயிரத்து முந்நூத்தி எம்பதுதான் சார் இருக்கு. மொத்தம் ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து நூத்தி இருபத்தொண்ணு. ஏன் சார், எதுவும் குறையுதா?”

“இல்லம்மா, காப்பி தெளிவா இல்ல. இன்னொரு தடவை அனுப்புங்க” என்றேன். 5.10-க்கு வந்தது. வித்தியாசம் முப்பத்தோராயிரம் ரூபாய்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, கம்பி லாரியை எடை போட்ட எடைமேடைச் சீட்டு கேட்டேன்.

“அது நேத்து மழையில நனைஞ்சு கூழாப் போச்சுண்ணே. என்ன திடீர்னு சீட்டெல்லாம்? கம்பியத் தின்னுட்டம்னு பாக்குறீகளா?” என்று சிரித்தார்.

அதுவரை இது பணத் திருட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போதுதான், எத்தனையோ எண் இருக்க ஏன் 2,880 என்று தோன்றியது. அலமாரியிலிருந்து கோச்சடை வீட்டின் வரைபடத் தாள்களை எடுத்தேன். கீழ்த்தளக் கூரைக்கு எந்தக் கம்பி எத்தனை, மொத்தம் எவ்வளவு எடை என்று கடைசித் தாளில் அட்டவணை இருந்தது. கூட்டுத்தொகை 2,850 கிலோ. எண்ணைப் பொய்யாக்கியவர் வரைபடத்துக்குப் பொருந்தும்படி ஆக்கியிருந்தார். அப்படியானால் அந்தக் கூரைக்கு வந்து இறங்கிய கம்பி, வேண்டியதைவிட ஏறக்குறைய ஐந்நூறு கிலோ குறைவு. வெள்ளிக்கிழமை காலை கான்கிரீட் போடுவதாக நாள் குறித்திருந்தார்கள்.

முதலாளி வெளியூரில் இருந்தார். வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்குத்தான் வந்தார். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மாற்றிய பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஒரிஜினலை ஏத்திருங்க சார். பாய்க்கும் அதையே காட்டுங்க. ஒத்த பைசா கூட வேணாம். மாப்ளைட்ட நான் பேசிக்கிறேன்.”

“சரி சார். கம்பி? அட்டவணைல ரெண்டாயிரத்து எண்ணூத்தி அம்பது இருக்கே?”

“அது வெட்டுல வீணாப் போறதுக்கும் சேத்துக் கூடப் போட்ட லிஸ்ட்டு. இம்புட்டும் ஆகாது. நீங்க கணக்கைப் பாருங்க, கட்டடத்தை நான் பாக்குறேன்.”

அவர் சொன்னபடியே 2,380 கிலோ பில்லை அன்றைய தேதியில் ஏற்றினேன். என் கணக்கு சுத்தமாக இருந்தது.

இரவு தூக்கம் வரவில்லை. வரி ஏன் தொடப்படவில்லை என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் அரசுக்குக் காட்டும் பில்கள் மறுமாதம் வரி போர்ட்டலில் எங்கள் பெயருக்கு வரும். எங்கள் அலுவலகத்தில் அதை எங்கள் பதிவோடு ஒப்பிடும்போது வரித்தொகையை மட்டும்தான் பார்ப்போம். வரி ஒத்துப்போனால் டிக். மறந்துபோய் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? தெரிந்தே என்றால், எங்கள் பழக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சூப்பர்வைசர் போர்ட்டலைப் பார்த்ததே இல்லை. பார்க்கிறவர்கள் நானும் முதலாளியும்.

வெள்ளிக்கிழமை காலை பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு கோச்சடைக்குப் போனேன். போய்ச் சேர 8.15. கான்கிரீட் ஆறு மணிக்கே தொடங்கிவிட்டிருந்தது. தெற்குப் பாதி முழுக்க மூடி, மட்டம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்குப் பாதியில் மட்டும் கம்பி தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

“ஏய், கணக்குப்பிள்ளை கம்பி எண்ண வந்துருக்காருடா! வழி விடுங்க!” என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். மேலே நின்றவர்கள் சிரித்தார்கள்.

குனிந்து அளந்தேன். வரைபடத்தில் ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி. எட்டு இடங்களில் அளந்தேன், எட்டிலும் ஆறு அங்குலம்.

“திருப்தியாண்ணே?”

“அந்தப் பக்கம்?”

“அந்தப் பக்கமும் இதே மாதிரித்தான். பழைய சைட்டுல மிஞ்சுன கம்பி அரை டன்னு கெடந்துச்சு, கொண்டாந்து போட்டாச்சு. சார் சொல்லலையா?”

சார் சொன்னது வேறு. கம்பியே அவ்வளவு தேவையில்லை என்று. அவர் சொன்னது உண்மையானால் மிஞ்சிய கம்பி எதற்கு? பழைய சைட்டில் மிஞ்சியதாக எங்கள் பதிவு எதிலும் இல்லை. ஆனால் மிஞ்சுவதை நாங்கள் எழுதிவைக்கும் வழக்கமும் இல்லை. மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று அப்போது நினைத்தேன். கத்தியிருக்கலாம். பாய்க்கு அங்கிருந்தே போன் செய்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ஒன்பது மணிக்குள் அலுவலகம் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை பாய் பணம் கட்ட வந்தார். கம்பி பில்லைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும்னு சொன்னாகளே தம்பி. கம்மியாத்தான் ஆயிருக்கு! அல்ஹம்துலில்லாஹ். ஒங்க மாதிரி ஆளு கணக்குல இருந்தா இப்படித்தான்.”

அவருக்கு ரசீது எழுதிக் கொடுத்தேன்.

நடந்ததை அவரிடம் சொல்ல எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் அந்த வேலையை விட்டிருந்தேன். பாய் வீட்டார் கோச்சடையில் குடியேறியிருந்தார்கள். மேல்மாடியில் மருமகள் கைக்குழந்தையோடு இருந்தாள். கோரிப்பாளையம் கடையில், மெத்தைகளுக்கு நடுவே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு பில்லைப் பற்றியும், வடக்குப் பாதியை மட்டும் அளந்ததையும் சொன்னேன்.

“அந்த பில்லு கையில இருக்கா?”

“இல்ல பாய். அதை எங்க முதலாளி வாங்கிட்டாரு.”

“அப்ப எதை வச்சுக் கேக்குறது?” டம்ளரைக் கீழே வைத்தார். “வூட்ட இடிச்சா பாக்க முடியும்?”

இடிக்காமலே கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி உண்டு, பொறியியல் கல்லூரிகளிலிருந்து ஆள் அனுப்புவார்கள் என்றேன்.

“பாத்துட்டு இல்லைன்னு சொன்னா, நான் என்ன பண்ண? எம் மகன்கிட்ட என்னான்னு சொல்ல? இன்னொரு தடவ கட்ட எங்கிட்ட இல்ல தம்பி.” பிறகு, “அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சென்ற வருடம் ரம்ஜானுக்கு மறுநாள் அழைத்திருந்தார், போனேன். அந்தக் கூரையே தரையாக இருந்த மேல்மாடிக்குக் கூட்டிப்போனார். மகனின் இரும்பு பீரோவும் கட்டிலும் தண்ணீர் டிரம்மும் எல்லாம் வடக்குப் பக்க அறையில் நெருக்கிப் போட்டிருந்தன. தெற்கு அறையில் ஒரு கோரைப்பாயும் குழந்தையின் நடைவண்டியும் மட்டும் இருந்தன. அந்த அறையில்தான் காற்று நன்றாக வருகிறது என்று மருமகள் சொன்னாள், மாமா ஏன் சாமானை எல்லாம் இந்தப் பக்கமே போடச் சொல்கிறார் என்று தெரியவில்லை என்றும் சொன்னாள். பாய் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

பில்லை மாற்றியது சூப்பர்வைசரா, முதலாளியா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. கருவி வைத்துப் பார்க்கவும் இல்லை. தெற்குப் பாதியில் கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று போடப்பட்டது என்பது, இதை எழுதும் நாள்வரை, சரிபார்க்கப்படவில்லை.