ஒட்டாத படை

கலியாணம் முடித்து மனைவி வீட்டில் குடியேறுவது எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம். வீடு மனைவியுடையது, அடுப்பு மாமியுடையது. எனக்கென்று இருந்தவை இரண்டு ஜீன்ஸும், கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பிய தங்க நிறக் கைமணிக்கூடும்தான். பெருமை தாங்காமல் அதைக் கட்டிக்கொண்டே தூங்கினேன்.

மகளுக்கு ஒரு வயது தாண்டியபோது மணிக்கூட்டின் கீழே சொறி வந்தது. பிறகு தொப்புளுக்குக் கீழேயும் ஒன்று. செட்டிபாளையத்தில் வைத்தியருக்குப் பஞ்சமே இல்லை. வேலியால் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தியர்கள்தான். மாமி தீர்ப்புச் சொன்னார்.

"இது படை, மனே. நண்டு, இறால் பக்கமே போகாதீங்க."

நண்டும் இறாலும் மலிந்த வாவிக்கரையில் இருந்துகொண்டு மூன்று மாதம் பருப்பும் சோறும் தின்றேன். நான் மெலிந்தேன், சொறி நன்றாகக் கொழுத்தது.

பிறகுதான் இடி விழுந்தது. ஒன்றரை வயது மகளின் கணுக்காலிலும் சிவந்து தடித்தது.

"பாருங்க, அப்பன்ட படை பிள்ளைக்கும் ஒட்டிட்டு!" என்றார் மாமி.

அன்றிலிருந்து மகளைத் தூக்க எனக்குத் தடை. அவள் இரண்டு கையையும் நீட்டி "அப்பா" என்று அழுவாள். மாமி தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார்.

பொறுக்க முடியாமல் மட்டக்களப்பில் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் அம்மா நண்டுக் கதையைக் கேட்டுவிட்டு, என் ஜீன்ஸ் பொத்தானின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"சொறி ரெண்டும் உலோகம் தொடுற இடத்தில. நண்டு எங்க தொட்டது?"

எந்தப் பொருள் எனக்கு ஒவ்வாது என்று பார்க்க, முதுகில் வரிசையாகச் சின்ன மருந்துப் பொட்டுகளை ஒட்டி, இரண்டு நாள் நனையக்கூடாது என்றார். அந்த வெயிலில் குளிக்காத மருமகனை வீடு எவ்வளவு நேசித்தது என்று சொல்லவே வேண்டாம். கழற்றியபோது ஒரு பொட்டின் இடம் மட்டும் சிவந்திருந்தது. மேலும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதே இடம் கொப்பளித்திருந்தது.

"நிக்கல் ஒவ்வாமை. இது யாருக்கும் ஒட்டாது."

அன்று வீட்டாரையும் வலுக்கட்டாயமாகக் கூட்டிப் போயிருந்தேன். டொக்டர் ஏதோ மருந்துத் தண்ணீரில் பஞ்சுக் குச்சியை நனைத்து மணிக்கூட்டின் அடியில் தேய்த்தார். பஞ்சு ரோஸ் நிறமானது. நிக்கல் கழன்று வருகிறதாம். பொத்தானிலும் அப்படியே. பிறகு மகளின் கணுக்காலில் கிடந்த கொலுசைப் பார்த்தார்.

"அது சுத்த வெள்ளி, மிஸ். திருவிழாவில நானே பார்த்து வாங்கினது" என்றார் மாமி.

பஞ்சு மாமியின் பேச்சைக் கேட்கவில்லை. கொலுசிலும் அதே ரோஸ்.

"கழட்டி வையுங்க. புண் மாறி, திரும்ப வராட்டி இதுதான் காரணம். குழந்தைக்கு இப்ப முதுகில ஒட்டத் தேவையில்ல."

மாமி கழற்றினார். நாலு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த நக்கல் எல்லாம் தொண்டை வரை வந்தது. மகள் என்மேல் தாவிய தாவலில் ஒன்றும் வெளியே வரவில்லை.

மூன்று வாரத்தில் கணுக்கால் சுத்தமானது. அந்த ஞாயிறு மாமி நண்டு சமைத்து, பெரிய நண்டுக் காலை என் சோற்றுக் கோப்பையில் வைத்தார். மகள் மடியில் இருந்தாள்.

"பிள்ளையத் தாங்க மனே, நான் வெச்சிருக்கன். ஒற்றைக் கையால நண்டு உடைக்க ஏலாது."

"வேணாம் மாமி" என்றேன். நண்டு ஆறிப்போனது.