பூனைக்குப் போட்ட கம்பளிக் கோட்டு

மார்கழி பிறந்ததும் எங்கள் பூனையின் புகைப்படத்தில் ஒரு குட்டிக் கம்பளிக் கோட்டு போட்டுத் தரும்படி ஏஐ செயலியிடம் கேட்டேன். அதுவோ தாராள மனசோடு, கோட்டு போட்ட வேறொரு வெளிநாட்டுப் பூனையையே கொடுத்தது. ரோமம், வரி, உடம்பின் அளவு எதையும் தொடாதே, கோட்டை மட்டும் சேர் என்று மூன்று முறை எழுதிய பிறகுதான் எங்கள் வீட்டு ஒல்லிப் பூனை திரும்பி வந்தது. காலரின் மேல் கழுத்து ரோமம்கூட நாலு இழை விழுந்திருந்தது.

அந்தப் பெருமையில் படத்தை எங்கள் மயிலாப்பூர் அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுத் தொலைத்தேன். கீழ்வீட்டு மாமி படியேறி வந்துவிட்டார்.

"மெட்ராஸ்ல இருந்துண்டு பூனைக்குக் கம்பளி போடறேளே, பாவம், அது என்ன பண்ணும்?"

ஜீவகாருண்யம் பற்றிக் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டேன். பிறகு, கோட்டு படத்தில் மட்டும்தான் என்று சொல்லி, சோபாவில் வெறும் உடம்போடு தூங்கிக்கொண்டிருந்த பூனையைக் காட்டினேன்.

மாமி அசரவில்லை. தன் நாயோடு நிற்கும் படத்தை போனில் எடுத்து நீட்டினார்.

"இதுக்கும் ஒரு சால்வை போட்டுக் கொடுங்கோ. நாயை அப்படியே விட்டுடணும், மாத்தினா நேக்குப் பிடிக்காது. பக்கத்துல என்னை மட்டும் கொஞ்சம் ஒல்லியாக்கிடுங்கோ."