அக்கா அனுப்பிய பதிவுத் தபால்

தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளும் அக்காவிடமிருந்து பதிவுத் தபால் வந்தபோது எனக்குத் திக்கென்றது. பிரித்தேன். இரண்டு பக்கம், அவள் கையெழுத்து. கூடவே வீட்டு மதிப்பீட்டாளரின் அறிக்கை.

பத்தாங் பெர்ஜுந்தாயில் அப்பா விட்டுப்போன வீடு அது. நிலப்பட்டாவில் அக்கா, நான், சபாக்கில் இருக்கும் தம்பி என மூவருக்கும் சமபங்கு. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா அங்கேதான் குடியிருந்தாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் யாரும் பங்கு கேட்டிருக்க மாட்டோம்.

கடிதத்தில் இரண்டு வழிகள் எழுதியிருந்தாள். மூவரில் ஒருவர் மதிப்பீட்டு விலைக்கு மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். முத்திரை வரியும் பெயர் மாற்றும் செலவும் வாங்குபவருடையது. இல்லையென்றால் வெளியாருக்கு விற்று, செலவு போக மிச்சத்தை மூன்றாகப் பிரிக்கலாம். அப்படியானால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிடுவாள். தான் கூரை மாற்றிய செலவில் எங்கள் பங்கை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும், ரசீது இணைத்திருந்தாள். இத்தனை வருடம் தான் கட்டிய நில வரியைக் கேட்கவில்லை. "வாடகை இல்லாமல் நான்தானே இருந்தேன்" என்று எழுதியிருந்தாள். தனக்கு வாங்க விருப்பம் என்பது கடைசி வரியில்தான் இருந்தது.

தம்பி உடனே எனக்குப் போன் செய்தான்.

"அக்காவே ஆளு வச்சு வெல போட்டா கொறைச்சுத்தான் போட்டிருக்கும் லா."

நான் தயங்கித் தயங்கி அதை அக்காவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அவன் தனக்குப் பிடித்த மதிப்பீட்டாளரை வைத்துப் பார்க்கட்டும், எது கூடுதலோ அதையே விலையாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். தம்பி அப்படியே செய்தான். அவன் ஆள் போட்ட விலை கொஞ்சம் கூடுதல். அக்கா மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள்.

அவளுடைய சேமநிதிப் பணம் பெரும்பகுதி இதற்கே போகும் என்று தெரிந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. என் பங்குக்குப் பாதி விலை போதும் என்றேன்.

"வேணாம்டா. நாளைக்கு ஒம் பிள்ளைங்க கேட்டா நீ என்ன பதில் சொல்லுவ? முழுசா வாங்கிக்க. அப்பத்தான் நானும் நிம்மதியா இருப்பேன்."

கோல சிலாங்கூரில் வழக்கறிஞர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். பணம் அவரிடம் இருக்கும், நில அலுவலகத்தில் பெயர் மாறியதும் எங்களுக்குத் தருவார் என்று ஏற்பாடு. தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமலேயே உட்கார்ந்திருந்தான்.

"சந்தேகப்பட்டுட்டேன்க்கா" என்றான்.

"கேட்டதே நல்லதுடா. கேக்காம மனசுல வச்சிருந்தீன்னா தீவாளிக்குக்கூட வீட்டுப் பக்கம் வந்திருக்க மாட்ட."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்களைக் கடைக்குக் கூட்டிப்போனாள். தம்பி அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.